கல்யாணப் பத்திரிகையில் தப்பு, கிண்ணம் லேசு: கொடுத்த 50,000 ரூபாய் போனதுதானா?

வாசகர் கடிதம்

நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். அப்பா இல்லை. நான் தையல் வேலை செய்கிறேன். தங்கைக்கு இன்னும் 24 நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கொல்லங்கோடு. ஓடியாட ஆளில்லாததால் பொள்ளாச்சியில் ஒருவரிடம் மூன்று வேலையைச் சேர்த்து ஒப்படைத்தோம். தமிழும் மலையாளமும் உள்ள பத்திரிகை 350, ஒன்று 32 ரூபாய். எவர்சில்வர் கிண்ணம் வைத்த தாம்பூலப் பை 600, ஒன்று 78 ரூபாய். விருந்தினர்களுக்கு போன் செய்வது, வேன், மண்டபத்தில் ஆள் என்று 28,000. மொத்தம் 86,000. ஜிபேயில் 50,000 கொடுத்துவிட்டோம். பில் தரவில்லை.

பத்திரிகையின் மலையாளப் பக்கத்தில் முகூர்த்தம் 9 முதல் 10.30 என்பதற்குப் பதில் 10.30 முதல் 12 என்று இருக்கிறது. தமிழில் வைகாசி 14, மலையாளத்தில் இடவம் 13 என்று தேதியும் வேறு. 140 பத்திரிகை கொடுத்த பிறகுதான் கவனித்தோம். கேட்டால், "உங்க தம்பி ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னாரே" என்கிறார். கிண்ணமும் மாதிரி காட்டியதைவிட லேசு. வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்ப வராது என்கிறார். சித்தப்பா, பொள்ளாச்சி போலீஸில் மோசடிப் புகார் கொடு என்கிறார். வேறு மாநிலம், பில்லும் இல்லை. எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாமா? 50,000 போனதுதானா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலையும், அவர் கைப்பட எழுதிக் கொடுத்த விலைச் சீட்டின் படத்தையும் வரி வரியாகப் படித்தேன். உங்கள் பணம் போகவில்லை. அதில் பெரும்பகுதி பொருளாக உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் கோபத்தில் "எல்லாம் ரத்து" என்று ஒரே வரியில் செய்தி அனுப்பினால் உங்கள் தரப்பின் வலு குறைந்துவிடும். அதனால் இதைப் படித்து முடிக்கும்வரை அவருக்கு எதுவும் அனுப்பாதீர்கள்.

அவர் மூன்று வேலைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "86,000" என்று சொன்னார். நீங்களும் அப்படியே பார்க்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்க்காது. பத்திரிகை என்பது சொல்லி அடித்து வாங்கும் பொருள். கிண்ணம் என்பது மாதிரி காட்டி விற்ற பொருள். போன், வேன், ஆள் எல்லாம் இனிமேல் நடக்க வேண்டிய சேவை. மூன்றிலும் உங்கள் உரிமை வெவ்வேறு. நல்லவேளையாக விலைச் சீட்டில் மூன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டிருக்கிறார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பத்திரிகை: தம்பி எதற்கு ஓகே சொன்னார்?

ப்ரூஃப் பார்த்து ஒப்புக்கொண்டால் அதன் பிறகு வரும் பிழைக்கு வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பது அச்சுத் தொழிலில் உள்ள வழக்கம். அது நியாயமானதும்கூட. ஆனால் ஒப்புதல் என்பது காட்டியதற்கு மட்டும்தான். உங்கள் உரையாடலில் அவர் அனுப்பியது ஒரே ஒரு பக்கம், அதுவும் தமிழ்ப் பக்கம். அதற்குத்தான் தம்பி "ஓகே அண்ணா" என்றிருக்கிறார். மலையாளப் பக்கம் பற்றி அவரே என்ன எழுதியிருக்கிறார் பாருங்கள்: "மலையாளம் எங்க ஆள் பாத்துக்குவார்." அந்தப் பக்கத்தை அவர் காட்டவே இல்லை, சரிபார்க்கும் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். இந்த ஒரு வரி உங்களுக்கு பில்லைவிடப் பெரிய சாட்சி.

இந்தப் பிழை எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன், அடுத்த ப்ரூஃப் பார்க்கும்போது உதவும். டிசைன் செய்கிறவர்கள் புதிதாக எழுதுவதில்லை. முன்பு அடித்த வேறொரு கல்யாணத்தின் ஃபைலைத் திறந்து, பெயர்களின் மேல் பெயர்களை மாற்றிக்கொண்டே போவார்கள். படிக்கத் தெரிந்த மொழியில் மிச்சம் கிடக்கும் பழைய வரி கண்ணில் படும். படிக்கத் தெரியாத மொழியில் அப்படியே தங்கிவிடும். உங்கள் பத்திரிகையின் 10.30 முதல் 12 என்ற நேரம் நீங்கள் அனுப்பிய எந்த விவரத்திலும் இல்லை. வேறு யாருடைய முகூர்த்தமோ தங்கிப்போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலையாளத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. போனில் டைப் செய்து அனுப்பும் எழுத்தைப் பழைய அச்சு எழுத்துருவில் ஒட்டும்போது ன், ல், ர் போன்ற சில்லு எழுத்துகள் உடைந்துபோகும். பெயர்களின் கடைசி எழுத்தைக் குறிப்பாகப் பாருங்கள்.

சரி, இனி ஒரு திருத்தம். வைகாசி 14க்கு நேராக இடவம் 13 என்று இருப்பதைப் பிழை என்று நினைக்கிறீர்கள். அது சரியாகவே இருக்கலாம். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்து மாதப் பிறப்பைக் கணிக்கிறார்கள். தமிழ்நாட்டு வழக்கில் அது சூரிய அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே மாதம் பிறந்துவிடும். கேரளத்தில் பகலின் முதல் 18 நாழிகைக்குள், ஏறக்குறைய மதியம் ஒன்றே கால் மணிக்குள், நடந்தால்தான் அன்று முதல் தேதி. அதற்குப் பிறகு என்றால் மறுநாள்தான். சங்கராந்தி பிற்பகலில் விழும் மாதங்களில் மலையாளத் தேதி ஒன்று குறைவாக வரும். ஒரு மலையாளக் காலண்டரை எடுத்து அந்த ஆங்கிலத் தேதிக்கு நேரே பாருங்கள். 13 என்று இருந்தால் அந்தக் குறையை உங்கள் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். சரியான ஒன்றைத் தப்பு என்று எழுதினால், எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் கேள்வி கேட்கும்.

அடுத்து, 350 பத்திரிகையையும் மறுபடி அடிக்கச் சொல்லத் தேவையில்லை. படத்தில் பார்த்தால் மலையாளப் பக்கம் மடிப்பு அட்டைக்குள் செருகிய தனித்தாள். அது மட்டும் மாறினால் போதும். கொல்லங்கோடு வீட்டுக்கு ஒதுக்கியது 120 என்று உரையாடலில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் மலையாளம் மட்டும் படிக்கிறவர்களுக்கு ஒரு 20 சேர்த்து 140 தாள். ஆஃப்செட்டில் தகடு போட்டு அடித்தால்தான் எண்ணிக்கை கூடக்கூட விலை இறங்கும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் பிரிண்ட்தான் கட்டுப்படியாகும், ஒரே நாளில் கையில் வந்துவிடும். மீதி வீடுகளுக்குப் போகும் பத்திரிகையிலிருந்து தவறான தாளை உருவிவிடுங்கள். தமிழ்ப் பக்கம் மட்டும் இருந்தால் போதும். நேரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று அவர் சொல்லக்கூடும். செலவு குறைவுதான். ஆனால் மங்கலப் பத்திரிகையில் ஒட்டுப்போட்டிருப்பதைப் பார்த்தால் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். அதுவும் சம்பந்தி வீட்டுக்குப் போவது. உள்தாளை மாற்றுவதே நல்லது.

ஏற்கெனவே கொடுத்த 140இல் கொல்லங்கோடு பக்கம் போனது 40 என்கிறீர்கள். அந்த 40 வீட்டுக்கும் பத்திரிகை கொடுத்தவரே போன் செய்து, "முகூர்த்தம் ஒன்பது மணிக்கு, மலையாளத் தாளில் அச்சுப் பிழை" என்று சொல்லட்டும். கூடவே திருத்திய தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முதல் வேலையாக, இன்றைக்கே, சம்பந்தி வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் அது வேறு பேச்சாகிவிடும். ஒன்றரை மணி நேரம் தள்ளி வருகிறவர்கள் தாலி கட்டி முடிந்த மண்டபத்துக்குள் நுழைவார்கள். இந்தப் பிழையை இப்போதே திருத்தியாக வேண்டியதற்குக் காரணம் அதுதான்.

கிண்ணம்: பெட்டியைப் பிரிக்கும் முன்

இங்கேதான் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது, 46,800 ரூபாய். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 17ஆம் பிரிவு, மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குகிறவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும் என்கிறது. மாதிரிக் கிண்ணம் இன்னும் உங்களிடம் இருப்பதால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். பலர் அதை முதல் வாரத்திலேயே அடுக்களையில் புழங்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் மாதிரியைத் துணியில் சுற்றித் தனியே வையுங்கள்.

தராசுப் படத்தில் மாதிரி 62 கிராம், வந்த கிண்ணம் 48 கிராம் என்று தெரிகிறது. ஆனால் ஒரு கிண்ணத்தை வைத்து வாதாட முடியாது. மூன்று பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். மேலடுக்கை விட்டு நடுவிலிருந்து பத்துப் பத்தாக எடுத்து, தெருவில் உள்ள மளிகைக் கடைத் தராசில், கடைக்காரர் முன்னிலையில் நிறுத்துப் படம் எடுங்கள். பத்துக் கிண்ணம் 620 கிராம் வர வேண்டும், 480 வந்தால் குறைபாடு உறுதி. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தம் ஒட்டினால் மட்டமான ரகம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் உயர்ந்த ரகம் ஆகிவிடாது. சுமாரான ரகத்திலும் காந்தம் ஒட்டாமல் போவது உண்டு. உங்களுக்கு எடை ஒன்றே போதும்.

இனி உங்கள் முன் இரண்டு வழி. ஒன்று, சரக்கை நிராகரிப்பது. நிராகரித்தால் நீங்கள் 600 கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போக வேண்டியதில்லை. "ஏற்கவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று தெரிவித்தாலே போதும் என்கிறது அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு. ஆனால் நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும். பேசாமல் வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். கல்யாணத்தில் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு நிராகரிக்கவும் முடியாது. என்னிடம் வந்த ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு முந்தைய இரவுதான் பெட்டியைத் திறந்தது. குறை தெரிந்தும் வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். அவர்களுக்காக நான் விலைக் குறைப்பு மட்டும்தான் கேட்க முடிந்தது.

இரண்டாவது வழி, சரக்கை வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பது. உங்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். 24 நாளில் இன்னொருவரைத் தேடி, அட்வான்ஸ் கொடுத்து, அவர் எப்படியோ என்று மறுபடி கவலைப்படுவது உங்கள் வீட்டு நிலைமைக்கு ஒத்துவராது. கிண்ணம் லேசுதான், ஓட்டை இல்லை. வாங்குகிறவர்கள் யாரும் மாதிரியைப் பார்த்ததில்லை.

குறைப்பை இப்படிக் கணக்கிடுங்கள். விலைச் சீட்டின்படி 78 ரூபாயில் கிண்ணம் 55, துணிப்பை 15, மஞ்சள் குங்குமச் சிமிழும் கட்டுக்கூலியும் 8. 62இல் 14 கிராம் குறைவு என்றால் 22 சதவீதத்துக்குச் சற்று மேல். 55 ரூபாயில் அது ஏறக்குறைய 12 ரூபாய். ஆக ஒரு பைக்கு 66, 600 பைக்கு 39,600. பத்திரிகைக்கு 11,200. இரண்டும் சேர்ந்து 50,800. நீங்கள் கொடுத்தது 50,000. இப்போது புரிகிறதா? பொருளுக்கான நியாய விலையை ஏறக்குறைய முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள், இன்னும் நடக்காத சேவைக்கு ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. அவரிடம் சிக்கியிருக்கும் அட்வான்ஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. எல்லாவற்றையும் ரத்து செய்து சரக்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் 50,000 ரூபாய்க்காக அவர் பின்னால் நீங்கள் நடக்க வேண்டி வரும்.

600 என்பது உங்கள் 350 பத்திரிகைக்கு அதிகம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. தாம்பூலம் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒன்று, கூட வரும் கல்யாணமான பெண்களுக்குத் தனியாக ஒன்று என்றுதான் போகும். 100 கிண்ணத்தைப் பெட்டி பிரிக்காமல் வைத்து, மிஞ்சினால் அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். தேங்காயை மட்டும் கடைசி இரண்டு நாளில் எண்ணிக்கை பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

போன், வேன், ஆள்: எதை வைத்துக்கொள்வது?

"ரத்து செய்தால் அட்வான்ஸ் கிடையாது" என்பதை அவர் சட்டம் போலச் சொல்கிறார். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முறிந்தால் கேட்கக்கூடியது நியாயமான இழப்பீடுதான். இழப்பே இல்லாத இடத்தில் பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் விளக்கியிருக்கிறது. அதற்காக அவருக்கு ஒன்றுமே தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேனுக்கு முன்பணம் கட்டியிருந்தால், ஆட்களுக்கு நாள் பேசியிருந்தால், அந்தச் செலவைக் காட்டி அவர் கேட்கலாம். காட்டட்டும்.

28,000ஐ அவர் போன் அழைப்புக்கு 8,000, இரண்டு வேனுக்கு 10,000, மண்டபத்தில் இரண்டு நாள் இரண்டு பேருக்கு 10,000 என்று பிரித்திருக்கிறார். இதில் போன் வேலையை நீக்கிவிடுங்கள். நம் பக்கத்தில் முன்பின் தெரியாத குரல் போன் செய்து "எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டால், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மரியாதையே போய்விடும். கேட்டாலும் எல்லோரும் "வந்துடறோம்" என்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து இலை போட முடியாது. அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டுப் போதும். குடும்பத்துக்கு ஒரு வரி. முகூர்த்தத்துக்கு எத்தனை பேர், ரிசப்ஷனுக்கு எத்தனை பேர் என்று இரண்டு கட்டம். அந்தக் குடும்பத்தை நன்றாகத் தெரிந்த அத்தையோ மாமாவோ நிரப்பட்டும். அவர்களுக்கு யார் வருவார், யார் மொய் மட்டும் கொடுத்தனுப்புவார் என்று கேட்காமலே தெரியும். சமையல்காரருக்கு அந்தக் கூட்டுத்தொகையைச் சொல்லுங்கள், பத்திரிகை எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள்.

மண்டபத்து ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள். ஓடியாட ஆளில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கஷ்டம். ஒருவர் பந்திக்கு ஆட்களை அனுப்ப, ஒருவர் வாசலில் தாம்பூலம் கொடுக்க. தமிழும் மலையாளமும் பேசுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

வேன் விஷயத்தில் எல்லை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குள் வரும் தமிழ்நாட்டுப் பதிவு வாடகை வேனுக்குக் கேரளத்தில் ஓடப் பெர்மிட்டும் வரியும் இருக்க வேண்டும். சிலர் செலவை மிச்சம் பிடிக்க, வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு அனுப்புவார்கள். வழியில் மடக்கினால் விருந்தினர் நடுரோட்டில் நிற்பார்கள். விபத்து என்றால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். வண்டி எண், பெர்மிட், வரி ரசீது மூன்றின் படமும் நான்கு நாள் முன்பே உங்களுக்கு வர வேண்டும், அந்தச் செலவு 10,000க்குள் அடக்கம் என்று எழுதுங்கள். தயங்கினால் வேனையும் நீக்கிவிட்டு, நம் பக்கத்து மஞ்சள் போர்டு வண்டி ஒன்றைப் பேசுங்கள். கேரளப் பதிவு வண்டி அங்கே போய் ஆளேற்றி வரவும் தமிழ்நாட்டுக்கான அனுமதி வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் வேலைக்காக 300 குடும்பத்தின் பெயரும் எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டதாக எழுதித் தரச் சொல்லுங்கள். நம்பிக் கொடுத்த தனி விவரத்தைப் பிறருக்குத் தருவது நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம்.

போலீஸ், பில், வேறு மாநிலம்

சித்தப்பாவின் கோபம் புரிகிறது. ஆனால் மோசடி என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இவர் பத்திரிகை அடித்துக் கொடுத்திருக்கிறார், கிண்ணம் இறக்கியிருக்கிறார். இது வேலையில் குறை, சிவில் தகராறு. காவல் நிலையத்தில் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். அதற்குள் மண்டபத்துக்கு வர வேண்டிய ஆட்களும் வராமல் போவார்கள்.

பில் இல்லாதது உங்கள் குற்றமல்ல, அவருடையது. பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஜிபே பதிவு, விலைச் சீட்டு, உரையாடல் இவை போதும். உரையாடலில் வேண்டியதை மட்டும் வெட்டிப் படம் எடுக்காமல், முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள். மறையும் செய்தி வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அவர் குரல் பதிவில் சொன்னவற்றை எழுதிவைத்து, பதிவையும் அழிக்காமல் வையுங்கள்.

வேறு மாநிலம் என்பது உங்கள் பெரிய பயம். பழைய சட்டத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று மாற்றிவிட்டது. நீங்கள் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம், அவர்தான் எல்லை தாண்டி வர வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. e-jagriti.gov.in தளத்திலும் தாக்கல் செய்யலாம். தமிழ் உரையாடலை மொழிபெயர்த்து இணைக்க வேண்டி வரும். சட்டம் சொல்லும் மூன்று மாதத்தில் பெரும்பாலும் முடியாது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

ஆனால் இவை எதுவும் இந்த 24 நாளுக்குள் செய்ய வேண்டியவை அல்ல. இன்று செய்ய வேண்டியது கீழே உள்ள செய்தியை அனுப்புவது. திட்டாமல், மிரட்டாமல், இதே அளவில்:

"அண்ணா, மலையாளப் பக்கம் ப்ரூஃப் எங்களுக்குக் காட்டப்படவில்லை. அதில் முகூர்த்த நேரம் தவறு. திருத்திய உள்தாள் 140ஐ நான்கு நாளுக்குள் உங்கள் செலவில் தர வேண்டும். அச்சுக்கு முன் ப்ரூஃப் அனுப்புங்கள். கிண்ணம் மாதிரி 62 கிராம், வந்தது சராசரி 48 கிராம், நிறுத்த படங்கள் இணைத்துள்ளேன். பைக்கு 66 ரூபாய் என்று வைத்தால் எடுத்துக்கொள்கிறோம். இல்லையென்றால் நிராகரிக்கிறோம், வந்து எடுத்துச் செல்லுங்கள். போன் அழைப்பு வேலை வேண்டாம். மண்டபத்துக்கு இரண்டு ஆள், பெர்மிட் உள்ள இரண்டு வேன் தொடரலாம், அதற்கான 20,000ஐ வேலை முடிந்த அன்று தருகிறோம். இதுவரை கொடுத்த 50,000க்கு பில் வேண்டும்."

நிறுத்துப் பார்த்து வந்த சராசரியை அதில் மாற்றிக்கொள்ளுங்கள், விலையையும் அதற்கேற்பக் கணக்கிடுங்கள். இதையே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். அவர் 66க்கு ஒப்பாமல் 70 என்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்புக்கொள்வேன். 2,400 ரூபாய்க்காக கல்யாண வாரத்தில் தூக்கம் கெடுவானேன். ஆனால் உள்தாள் விஷயத்தில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐந்தாம் நாள் தாள் வரவில்லையென்றால், சித்தூரிலோ பாலக்காட்டிலோ மலையாளத்தில் அடிக்கும் அச்சகத்தில் நீங்களே அடித்து, அந்த பில் தொகையை 20,000இல் கழித்துக்கொள்வதாக அவருக்கு எழுதிவிடுங்கள்.

புது மலையாள ப்ரூஃப் வந்ததும் சம்பந்தி வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க, நீங்கள் தமிழ்ப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நேரம், கிழமை, மண்டபம், பெயர்கள் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். மலையாளம் படிப்பேன், அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.